ஐந்து சதவீதம் எட்டான கதை

கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டுவதுதான் அனுமான வரி. 1992-ல் 5 லட்சம் வரை விற்கும் சில்லறை வியாபாரிக்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய் என்று இது ஆரம்பித்தது. 1997-ல் வந்த 44ஏஎஃப் பிரிவு, 40 லட்சம் வரை விற்பவருக்கு 5 சதவீத லாபம் என்றது. 2010-11 முதல் அதன் இடத்தில் 44ஏடி வந்தது. சதவீதம் 8 ஆனது.

ஸ்ரீரங்கத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் விற்கும் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். உண்மை லாபம் 4 சதவீதம், அதாவது 1.6 லட்சம். அன்றைய வரி விலக்கு வரம்பும் அதேதான். பழைய பிரிவில் 2 லட்சம் லாபத்துக்கு வரி 4,120 ரூபாய். புதிய பிரிவில் 3.2 லட்சத்துக்கு 16,480 ரூபாய். நோட்டு எழுதி வைத்திருந்தால் வரியே இல்லை!

பிறகு 2016-17-ல் வங்கி வழியாக வரும் பணத்துக்கு மட்டும் 6 சதவீதம் ஆனது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால் இந்தக் கடைக்கு வித்தியாசமும் மறைந்துவிட்டது.

ஆனால் காந்தி மார்க்கெட்டில் ரொக்கத்துக்கே 1.8 கோடி விற்கும் அரிசி வியாபாரிக்கு 8 சதவீதம் என்றால் 14.4 லட்சம். வரி 99,840 ரூபாய். அவருக்கு மிஞ்சுவது 3 சதவீதமானால் லாபம் 5.4 லட்சம்தான். ஆடிட்டர் செலவு போனாலும் புத்தகமே மேல். நஷ்டம் வந்தால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகவும் புத்தகம்தான் வேண்டும்.

சட்டத்தின் சதவீதத்தை விட லாபம் அதிகமா, குறைவா? அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருடமாவது கணக்கு எழுத வேண்டியிருக்கிறது.