கழுவாய் யாருக்கு? மனுநீதிச் சோழன் கதையில் விளைவும் பழியும்

மனுநீதிச் சோழன் கதையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போயிருக்கிறார்கள். அரசன் மகனும் குடிமகனும் சட்டத்தின் முன் ஒன்றே என்று காட்டும் கதை இது என்பது ஒரு வழி. செய்தவன் மனத்தைப் பாராமல் நேர்ந்த கேட்டை மட்டும் பார்த்துத் தண்டித்த பழைய நீதியின் எச்சம் இது, அறிந்து செய்ததையும் அறியாமல் நேர்ந்ததையும் பிரிக்கத் தெரியாத காலத்தின் குரல் என்பது மற்றது. முதல் வாசிப்பு பாதி சரி. இரண்டாவதற்குச் சேக்கிழாரின் பனுவல் இடம் தரவில்லை என்றே நினைக்கிறேன். அறத்தில் தற்செயலுக்குள்ள பங்கைப் பற்றி இன்று நடக்கும் விவாதத்தில் இக்கதையைச் சான்றாக நிறுத்த வேண்டுமானால், முதலில் அந்த இரண்டாம் வாசிப்பைக் கைவிட வேண்டும்.

விவாதம் 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுதிய கட்டுரைகளில் தொடங்கியது. அதன் சிக்கலைச் சொல்லப் புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பே போதும். இரண்டு ஓட்டுநர்கள் ஒரே மாலையில், ஒரே வேகத்தில், ஒரே அசட்டையோடு அதைக் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வீடு போய்ச் சேர்கிறார். மற்றவர் வண்டியின் முன் ஒரு குழந்தை ஓடிவந்துவிடுகிறது. குழந்தை வந்ததும் வராததும் இருவர் கையிலும் இல்லை. முதலாமவர் மீது வழக்கு வந்தால், அசட்டையாக ஓட்டியதற்கு ஆறு மாதச் சிறையோ ஆயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோதான் உச்சம். இரண்டாமவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு இரண்டு ஆண்டுவரை விதித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது. இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதும் நிலைமை வேறல்ல: 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைத் தொகுப்பின் 319ஆம் பிரிவும் கவனக்குறைவால் நேர்ந்த சாவைத் தனிக் குற்றமாகவே வைத்திருந்தது. ஆள்வோர் மாறினாலும், கைவசம் இல்லாத ஒன்றைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் மாறவில்லை.

இனிப் பனுவலுக்கு வருவோம். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் இளவரசன் பெரும் படை சூழத் திருவாரூர்த் தெருவில் தேரில் வருகிறான். இளங்கன்று ஒன்று தேர்க்காலிடையே புகுந்து மடிகிறது. சேக்கிழார் தம் குரலில் சொல்லும்போதும் சரி, பிறகு அமைச்சர் அரசனிடம் தெரிவிக்கும்போதும் சரி, புகுந்தது கன்றுதான். இளவரசன் கொன்றான் என்று இருவருமே சொல்வதில்லை. தேரின் விசையைக் கவி குறிப்பிடுவது உண்மை. ஆனால் விசையைக் குற்றமாகக் கதையில் யாரும் சாட்டவில்லை. ஆகவே இளவரசன் அசட்டையாக ஓட்டினான் என்று சொல்லி இச்சிக்கலைக் கடந்துவிடும் விளக்கத்தை விரித்து மறுக்க வேண்டியதில்லை. எண்ணமில்லாமல் நேர்ந்தது என்பது அந்த அவையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அமைச்சர்கள் கொலைத் தண்டனையைப் பேசாமல், அந்தணர் விதிக்கும் கழுவாயைப் பேசுகிறார்கள். எண்ணத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத காலமென்றால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இளவரசன் செய்வதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவன் தேரிலிருந்து இறங்குகிறான், கலங்கித் தளர்கிறான். தன் குற்றமல்ல என்று தெரிந்தும், வழிப்போக்கன் படும் வருத்தத்திலிருந்து வேறான ஒரு துயரத்தில் விழுகிறான். சிறுபிள்ளைமேல் லாரி ஏற்றிவிட்ட, தவறு ஏதும் செய்யாத ஓட்டுநரைக் கொண்டு வில்லியம்ஸ் விளக்கியது இந்தத் துயரத்தைத்தான். ஆனால் சேக்கிழார் அங்கே நிற்கவில்லை. தந்தை அறியுமுன் கழுவாயை முடித்துவிட வேண்டும் என்று எண்ணி மகன் அந்தணர்களை நாடிப் போகிறான். அவன் அப்படிப் போன நேரத்தில்தான் தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. வருந்தியவனின் பாதை ஒரு பக்கம், இழந்ததன் பாதை இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கவே இல்லை.

அரசனின் மறுப்பை இந்தப் பிரிவோடு சேர்த்தே படிக்க வேண்டும். அவன் சொல்லும் காரணங்களில், அயலான் ஓர் உயிரைக் கொன்றால் கொல்வேன், என் மகனுக்கு மட்டும் கழுவாயா என்பதையே முன்னையோர் எடுத்துக் காட்டினார்கள். அது சமநீதிக் காரணம்; அதை மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் கூர்மையான ஒன்று அதனருகே இருக்கிறது. நீங்கள் சொல்லும் வழக்கம் கன்றை இழந்து அலறும் இந்தப் பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று அவன் கேட்கிறான். கழுவாய் மகனின் வினையைக் கழுவலாம். பசுவுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அமைச்சர்கள் முன்னைய வழக்கங்களைக் காட்டும்போதும், எந்த உலகில் எந்தப் பசு இப்படி மணியை அசைத்து விழுந்தது என்றே அவன் திருப்பிக் கேட்கிறான். மகன் எவ்வளவு குற்றவாளி என்ற கேள்வியை அவன் எடுக்கவே இல்லை. எடுத்தது, வாயிலில் நிற்பதற்கு என்ன பதில் என்ற கேள்வியை.

விளைவைக் கொண்டு பழிப்பது ஒரு சிந்தனைப் பிழை, நடந்து முடிந்ததைக் கண்டபின் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும் மயக்கம் என்பது இன்று பரவலான கருத்து. பல இடங்களில் அது சரியாகவும் இருக்கலாம். சோழன் அந்த மயக்கத்தில் இல்லை. மகன் முன்னறிந்திருக்க வேண்டும் என்று அவன் ஓரிடத்திலும் சொல்வதில்லை. கன்று துள்ளி விலகியிருந்தால் மணி அசைந்திருக்காது. மகனைப் பற்றிய கேள்வியும் எழுந்திருக்காது. எந்த அளவுக்குப் பழி என்பதைச் செய்தவன் மனம் சொல்லலாம். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வேண்டுமா என்பதை இழந்தவரே சொல்ல முடியும். முதலாவதில் தற்செயலுக்கு இடமில்லை. இரண்டாவதில் தற்செயல் நுழையாமல் இருக்க வழியே இல்லை.

இப்பிரிவை ஏற்றால் சோழனின் தீர்ப்பே இடறுகிறது என்று ஒருவர் சொல்லலாம். அது வலுவான மறுப்பு. மகனைத் தேர்க்காலில் இட்டதால் பசுவின் நோய்க்கு மருந்து கிடைத்ததா? கிடைக்கவில்லை. பசு படும் துயரைத் தானும் பட அரசன் விரும்பினான் என்பது வரையில்தான் பனுவல் சொல்கிறது; அந்தத் துயரம் பசுவின் துயரைக் குறைத்ததாகச் சொல்லவில்லை. அதற்குள், மகன்மேல் தேரைச் செலுத்த ஏவப்பட்ட அமைச்சரும் தம் உயிரை விட்டிருந்தார். இறைவன் வீதியில் தோன்றிக் கன்று, அமைச்சர், மகன் மூவரையும் எழுப்பிய பிறகே கணக்கு தீர்கிறது. மகாவம்சம் இதே கதையை அநுராதபுரத்து எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அதில் மகன் அறியாமல் கன்றின் கழுத்தில் சக்கரத்தை ஏற்றினான் என்பது வெளிப்படையாகவே உண்டு, எழுப்புதல் இல்லை. கேள்வி சரியானது, தண்டனை அதற்குரிய விடையல்ல என்பதைச் சேக்கிழார் உணர்ந்திருந்தார் என்று சொன்னால் மிகையாகலாம். ஆயினும் அற்புதத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், அவர் கதையில் பசுவுக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

நம் சட்டம் இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தே வைத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே சாவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கோரலாம். பசுவின் கேள்விக்கு அரசு சொல்லும் பதில் இது. தொகை போதுமா என்பது வேறு. எனில், ஆறு மாதத்துக்கும் ஐந்து ஆண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு எதற்கு? அசட்டையின் அளவைக் காட்ட என்றால், தவளக்குப்பம் சந்திப்பைக் கடந்த இருவரின் அசட்டையும் ஒன்றே. இழந்தவருக்காக என்றால், ஓட்டுநர் சிறையில் கழிக்கும் நான்கரை ஆண்டால் அவருக்கு ஒன்றும் திரும்பக் கிடைப்பதில்லை. அவருக்கு உரியது, இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிட்ட பிறகும் அந்த ஓட்டுநர் நேரில் வந்து சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று. அதை வழக்கறிஞர்களே இன்று தடுக்கிறார்கள். ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற அச்சம். வழக்கு முடியும்வரை ஓட்டுநர், இளவரசனைப் போல, தன்னைக் கழுவிக்கொள்ளும் வழியிலேயே நடத்தப்படுகிறார்.