ஊர் நடுவில் ஒரு மணி

நாகர்கோவில் மணிமேடையைத் தெரியாதவர்கள் நம் கூட்டமைப்பில் இருக்க மாட்டார்கள். சந்தைக்குப் போனாலும் பேங்குக்குப் போனாலும் "மணிமேடையில் இறங்கணும்" என்றுதான் கண்டக்டரிடம் சொல்கிறோம். அது ஏன் ஊர் நடுவில் நிற்கிறது?

நம் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா வந்து 1893-ல் மணிமேடையைத் திறந்து வைத்தார். கடிகாரம் இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊரில் செய்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டத்தி பாதிரியார் மகாராஜாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது.

அந்தக் காலத்துக் கோபுரக் கடிகாரத்துக்கு கரண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. கனமான எடைக்கல்லைச் சுற்றி மேலே ஏற்றி விடுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்போது சக்கரங்கள் சுற்றும். கல் இறங்க நல்ல உயரம் வேண்டும். மணிச் சத்தம் தூரம் கேட்கவும், நாலு தெருவிலிருந்தும் முகம் தெரியவும் உயரம் வேண்டும். அதனால்தான் நாலு ரோடு கூடும் இடமும் உயரமான கோபுரமும். சக்கரம் ஒரே சீராக ஓடப் பார்த்துக்கொள்வது ஊசல். கோடை வெயிலில் இரும்பு ஊசல் துளி நீளும், கடிகாரம் பின்தங்கும். பத்து டிகிரி சூடு கூடினால் ஒரு நாளைக்கு சுமார் ஐந்து விநாடி குறையும். ஆகவே சாவி கொடுக்கவும் நேரத்தைத் திருத்தவும் ஆள் வேண்டும். ஆள் மறந்தால் கல் அடியில் போய் நிற்கும், முள்ளும் நின்றுவிடும்.

அதற்கு முன்பு உச்சிப்பொழுது என்றால் சூரியன் தலைக்கு மேல் வருவது. அது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் உச்சி வந்து சுமார் 11 நிமிடம் கழித்துத்தான் நாகர்கோவிலில் வரும். நிழலைப் பார்த்து நடந்த காலத்தில் அது யாருக்கும் தொந்தரவில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகு எல்லா ஊருக்கும் ஒரே நேரம் தேவைப்பட்டது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. அது சென்னை நேரத்தைவிட 9 நிமிடம் முந்தியது. சூரியன் மாறவில்லை, முள்தான் மாறியது. அதிலிருந்து பன்னிரண்டு மணி வேறு, உச்சி வேறு.

கோபுரம் சொன்ன சேதி இதுதான்: இனி நேரத்தைச் சொல்வது வானம் இல்லை, சர்க்கார். அதில் கண்டிப்பும் உண்டு, நன்மையும் உண்டு. கண்டிப்பு, ஐந்து நிமிடம் பிந்தினாலும் "லேட்" என்று சொல்ல முடிந்தது. நன்மை, பொழுது இன்னும் சாயவில்லை என்று வேலை வாங்குகிறவர் மட்டும் சொல்லி முடிக்க முடியாது. கையில் கடிகாரம் இல்லாத பெண்ணும் நிமிர்ந்து பார்த்து, "மணி ஆறாச்சு, நான் போறேன்" என்று சொல்லலாம். பணக்காரர் சட்டைப்பையில் இருந்த நேரம், தெருவில் எல்லாருக்கும் பொதுவாக நின்றது.