நான்கு குரலும் நான்காகவே கேட்க: கோராலில் இணை ஐந்தும் இணை எட்டும்

நான்கு குரலில் கோரால் எழுதப் பழகுகிறவருக்கு ஆசிரியர் முதலில் விதிக்கும் தடை இதுதான்: இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளியில் நின்றிருந்தால், இரண்டும் நகர்ந்து அடுத்த சுரக்கூட்டிலும் ஐந்தாம் இடைவெளியிலேயே போய் நிற்கக் கூடாது. எட்டாம் இடைவெளிக்கும் இதே தடை உண்டு. நம் சுரப்பெயர்களில் சொன்னால், ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தொலைவு ஐந்து. ச-வுக்கும் மேல் ச-வுக்கும் உள்ள தொலைவு எட்டு. மேலைநாட்டு இசைத் தேர்வுகளில் இந்தப் பிழைக்கு மதிப்பெண் குறைவது உறுதி. ஆனால் இது ஏன் பிழை என்று கேட்டால், ‘காதுக்கு நன்றாக இராது’ என்ற பதிலோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. ஐந்தும் எட்டும் காதுக்கு மிக நன்றாகவே இருக்கும். அளவுக்கு மீறிப் பொருந்திப்போவதுதான் அவற்றிடம் உள்ள சிக்கல்.

தம்புராவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பஞ்சமமும் சட்ஜமும் அடுத்தடுத்து மீட்டப்பட்டாலும், சற்று நேரத்தில் தனித்தனித் தந்திகளாக அவை கேட்பதில்லை, ஒரே நாதமாகிவிடுகின்றன. இதன் காரணத்தை எண்களிலும் காணலாம். நொடிக்கு 200 அதிர்வுள்ள ஒரு குரலோடு 400, 600, 800, 1000, 1200 என்ற மேலொலிகளும் சேர்ந்தே ஒலிக்கும். அதற்கு எட்டில் நிற்கும் குரலுக்கு 400 அதிர்வு. அதன் மேலொலிகள் 800, 1200 என்று போகும். அதாவது மேற்குரலின் ஒவ்வொரு மேலொலியும் கீழ்க்குரலுக்குள் முன்பே இருக்கிறது. ஐந்தில் நிற்கும் குரலுக்கு 300. அதன் மேலொலிகள் 600, 900, 1200. இவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று கீழ்க்குரலின் மேலொலியோடு ஒன்றுகிறது. மூன்றாம் இடைவெளியில், அதாவது ச–க உறவில், மேற்குரலுக்கு 250 அதிர்வு. அங்கே நான்கில் ஒன்றுதான் ஒன்றும்.

ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் ஷ்டும்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதைச் சோதித்தே பார்த்தார். இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிட்டு, கேட்பது ஒன்றா இரண்டா என்று கேட்டார். ‘ஒன்று’ என்ற தவறான பதில் எட்டுக்கே மிக அதிகமாக வந்தது. அதற்கு அடுத்து ஐந்துக்கு வந்தது. மூன்றாம் இடைவெளியை இரண்டு சுரங்களாகப் பிரித்துச் சொன்னவர்கள் பலர்.

நின்ற இடத்திலேயே இவ்வளவு கலந்துவிடும் இரண்டு குரல்கள், நகரும்போதும் அதே தொலைவைக் காத்துக்கொண்டு நகர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு என்று அறியக் காதுக்கு இருந்த கடைசித் தடயமும் போய்விடும். பைப் ஆர்கன் கட்டுகிறவர்கள் இந்த உண்மையைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். அந்த வாத்தியத்தில் 2⅔ அடி க்விண்ட் என்றொரு குழல் வரிசை உண்டு. எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதற்கு மேல் ஓர் எட்டும் ஓர் ஐந்தும் தள்ளி இன்னொரு சுரத்தை அது ஒலிக்கும். கணக்குப் பார்த்தால் பாட்டு முழுவதும் இடைவிடாத இணை ஐந்துகள்தான். ஆனால் சபையில் அமர்ந்திருப்பவர் காதில் விழுவது ஒரே மெட்டு, சற்றுக் கூடுதல் பிரகாசத்தோடு. சபையில் ஆண்களும் பெண்களும் ஒரே மெட்டைப் பாடும்போதும் இதுவே நடக்கிறது. அவர்கள் எட்டில் இணையாகப் போகிறார்கள். அதை யாரும் இரண்டு குரல் இசை என்று சொல்வதில்லை.

ஆகவே பிழை எங்கே இருக்கிறது என்றால், இழப்பில் இருக்கிறது. நான்கு குரல் தருவதாகத் தொடங்கியவர், இணை எட்டு வந்த இடத்தில் மூன்றைத்தான் தருகிறார். இணை ஐந்தில் இழப்பு அவ்வளவு முழுமையானதல்ல. ஆனாலும் இரண்டு குரல்கள் ஒட்டிக்கொண்டு, சுற்றியுள்ள மற்றவற்றிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். இணை மூன்றுகள் ஏன் அனுமதிக்கப்படுகின்றன என்பதும் இதிலிருந்தே புரியும். அவை கலப்பது குறைவு. அதோடு சங்கராபரண வரிசையில் ச–க பெரிய மூன்று, ரி–ம சிறிய மூன்று என்று அளவும் மாறிக்கொண்டே போகும். ஐந்துகளோ, நி–ம ஒன்றைத் தவிர மற்ற ஆறும் ஒரே அளவு.

இந்த விதி கோராலில் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. லூத்தரன் திருச்சபையில் 1524-இல் யோஹான் வால்ட்டர் வெளியிட்ட பாடல் நூலில் மெட்டு பெரும்பாலும் டெனரில் இருந்தது. சுற்றியிருந்த குரல்கள் தத்தம் தாளத்தில் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தன. 1586-இல் லூக்காஸ் ஓசியாண்டர் மெட்டைச் சோப்ரானோவுக்கு ஏற்றினார். சபை மெட்டைப் பாட, பாடகர் குழு அதன் கீழ் மற்ற மூன்று குரல்களையும் சேர்ப்பது அவர் நோக்கம். அதற்காக நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் ஒரே அசையை உச்சரித்து நகர்ந்தன. பாக்கின் கோரால்களும் இந்த அமைப்பையே அடித்தளமாகக் கொண்டவை. 1706-க்குப் பிறகு தரங்கம்பாடி வழியாகத் தமிழில் ஞானப்பாட்டுகளாக வந்து சேர்ந்த ஜெர்மானிய மெட்டுகளும் இந்த மரபைச் சேர்ந்தவைதான்.

ஒரே சொல், ஒரே தாளம், ஒரே மூச்சு. போதாததற்கு நான்குமே மனிதக் குரல்கள். ஃபியூகில் ஒரு குரல் ஓடும்போது இன்னொன்று நிற்கும். தாள வேறுபாட்டைக் கொண்டே காது அவற்றைப் பிரித்துவிடும். கோராலில் அந்த உதவி இல்லை. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது ஒன்றுதான் ஒரு குரலை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. இணை ஐந்தும் இணை எட்டும் அதையும் பறித்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். மெட்டு ம-விலிருந்து ப-வுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எழுதுகிறவர் கை இயல்பாக ம–த–ச கூட்டை எழுதி, அடுத்து ப–நி–ரி கூட்டுக்குப் போகும். பாஸ் ம, டெனர் த, ஆல்ட்டோ மேல் ச, சோப்ரானோ மேல் ம. அடுத்த அடியில் எல்லாரும் ஒரு படி ஏறுகிறார்கள்: ப, நி, ரி, ப. பியானோவில் வாசித்தால் கை அப்படியே வழுக்கிப் போவதால் சுகமாகத்தான் இருக்கும். தாளில் பார்த்தால் பாஸும் சோப்ரானோவும் எட்டிலிருந்து எட்டுக்குப் போயிருக்கின்றன. பாஸும் ஆல்ட்டோவும் ஐந்திலிருந்து ஐந்துக்குப் போயிருக்கின்றன. பாடிக் கேட்டால், பாஸ் தனக்கென ஒரு வழி இல்லாமல் மெட்டையே கீழே நின்று பாடுவது போலாகிவிடும்.

திருத்த நினைப்பவர் பெரும்பாலும் உள்குரல்களில்தான் கை வைப்பார். ஆல்ட்டோவை ச-விலிருந்து நி-க்கு இறக்கினால் ஐந்து மறையும். ஆனால் எட்டு அப்படியே இருக்கும். மெட்டு நமக்குக் கொடுக்கப்பட்டது, அதை மாற்ற முடியாது. பாஸ் ம–ப என்று போகும் வரை எந்த உள்குரலும் இதைக் காப்பாற்றாது. சிலர் பாஸின் ப-வை ஓர் ஸ்தாயி கீழே தள்ளிவிட்டு, இப்போது எதிர்த்திசையில் போகிறதே என்பார்கள். பாஸ் பாடுவது அப்போதும் மெட்டின் சுரங்களையே என்பதால், அதையும் ஆசிரியர்கள் பிழையாகவே கொள்வார்கள்.

நோய் முதல் கூட்டில் இருக்கிறது. ம–த–ச-வுக்குப் பதிலாக ரி–ம–த கூட்டை வைப்போம். ம அதிலும் உண்டு என்பதால் மெட்டுக்கு இடையூறு இல்லை. பாஸ் ரி, டெனர் த, ஆல்ட்டோ மேல் ரி, சோப்ரானோ மேல் ம. அடுத்து பாஸ் கீழ் ப-வுக்கு இறங்குகிறது. டெனர் நி-க்கு ஏறுகிறது. ஆல்ட்டோ ரி-யிலேயே நிற்கிறது. சோப்ரானோ ப-வுக்கு ஏறுகிறது. பாஸுக்கும் டெனருக்கும் இடையே இருந்த ஐந்து மூன்றாகிவிட்டது. பாஸுக்கும் ஆல்ட்டோவுக்கும் இடையே இருந்த எட்டு, ஆல்ட்டோ அசையாமல் நிற்க, ஐந்தாக மாறியது. மெட்டும் பாஸும் எதிரெதிர்த் திசையில் பிரிந்து எட்டில் சேர்கின்றன. டெனரும் சோப்ரானோவும் மட்டும் ஆறாம் இடைவெளியில் இணையாக ஏறுகின்றன; அதற்குத் தடையில்லை. இப்போது நான்கு பாடகருக்கும் நான்கு வெவ்வேறு வழிகள்.

நான்கு குரலில் ஆறு சோடிகள் உண்டு. கண்ணால் பொதுவாகப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று சொல்வதுதான் பிழை தப்பிப் போகும் வழி. ஒவ்வொரு கூட்டிலும் ஐந்தோ எட்டோ எந்தச் சோடியில் இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதே சோடி அடுத்த கூட்டில் என்ன ஆனது என்று மட்டும் பார்த்தால் வேலை சுருங்கிவிடும். இரண்டு குரலும் அசையாமல் அதே சுரங்களைத் திரும்பப் பாடினால் பிழை இல்லை. டெனர்–ஆல்ட்டோ சோடியைத்தான் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். நடுவில் மறைந்து கிடப்பதால் அங்கே ஐந்து கண்ணில் படாது.

பாக்கின் கோரால்களிலும் இணை ஐந்து இல்லாமல் இல்லை. பாட்டடி முடியும் இடத்தில் அது வரும் வழக்கம் ஒன்று உண்டு. ப–நி–ரி கூட்டிலிருந்து ச–க–ப கூட்டில் போய் முடியும் தருணம். சோப்ரானோ ரி-யில் நிற்கிறது. ஆல்ட்டோ ப-வில் நிற்கிறது. இறுதிக் கூட்டு வருவதற்கு அரை அடி முன்னதாகவே சோப்ரானோ ச-வைத் தொட்டுவிடுகிறது. அதே கணத்தில் ஆல்ட்டோ, க-வுக்கு இறங்கும் வழியில் ம-வைத் தொடுகிறது. ப–ரி என்ற ஐந்து ம–ச என்ற ஐந்தாகிறது. விதிப்படி இது இணை ஐந்தேதான்.

பாக் இதை ஏன் விட்டுவைத்தார் என்பதற்கான விடை, அந்த இரண்டு சுரங்களும் என்ன வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது. ச, வரப்போகும் கூட்டின் சுரம், முன்கூட்டியே வந்துவிட்டது. ம, இருக்கும் கூட்டிலிருந்து புறப்பட்டு க-வை நோக்கிச் செல்லும் வழிச்சுரம். அடுத்த கணம் சோப்ரானோ ச-விலேயே நிற்கும். ஆல்ட்டோ க-வுக்கு இறங்கிவிடும். காது இரண்டையும் வெவ்வேறு காரணங்களுக்காகக் கேட்பதால், குரல்கள் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. பெரும் படைப்பாளிகளின் எழுத்தில் காணப்படும் இத்தகைய ஐந்துகளையும் எட்டுகளையும் பிராம்ஸ் பல ஆண்டுகளாகத் தம் கைப்படத் தொகுத்துவந்தார். ஹைன்ரிக் ஷெங்கர் அதை 1933-இல் பதிப்பித்தார். விதியைத் தகர்க்கும் எண்ணம் பிராம்ஸுக்கு இல்லை. ஒவ்வோர் இடத்திலும் குரல் உண்மையில் தொலைகிறதா, தொலையவில்லை என்றால் எதனால் என்று அவர் ஆராய்ந்தார். மாணவர் தாளில் இணை ஐந்தைக் கண்டு சிவப்புக் கோடிடும் ஆசிரியர், அந்தக் கோட்டின் ஓரத்தில் எந்தக் குரல் எதில் தொலைந்தது என்றும் எழுதிக் கொடுக்கலாம்.