டாலரில் வரவு, டாலரிலேயே செலவு: ‘நேச்சுரல் ஹெட்ஜிங்’ என்றால் என்ன? மரக்காணம் கடற்கரையை வைத்து ஓர் எளிய விளக்கம்

டாலர் 90 ரூபாயைத் தாண்டியது என்று 2025 டிசம்பரில் செய்தி வந்தபோது, சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இந்த மூன்று வகை தொழில்களையும் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியைச் சுற்றியே பார்க்க முடியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் உப்பளம்தான் நினைவுக்கு வரும். அதே கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்களும் இருக்கின்றன. உப்பளத்துக்கு டாலர் தேவையில்லை, பொரிப்பகத்துக்குத் தேவை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து தொடங்கினால் ‘நேச்சுரல் ஹெட்ஜிங்’ எளிதாகப் புரிந்துவிடும்.

மூன்று தொழில், மூன்று நிலைமை

முதலில் உப்பளம். உப்பு ரூபாயில் விற்கிறது. கூலி, மோட்டார் செலவு, மூட்டை, லாரி வாடகை எல்லாமே ரூபாய். டாலர் விலை மாறினால் இந்தக் கணக்கில் நேரடியாக எந்த வரியும் மாறாது.

அடுத்தது குஞ்சு பொரிப்பகம். இந்தியாவில் 2009-லிருந்து வணிக ரீதியாக வளர்க்கப்படும் வனாமி இறால் நம் கடலுக்குச் சொந்தமானது அல்ல. நோயற்றது எனச் சான்று பெற்ற தாய் இறால்கள் அமெரிக்காவின் ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருகின்றன. சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்குப் போகும். குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா முட்டைகளும் பெரும்பாலும் இறக்குமதிதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பெரிய உப்பு ஏரி இதற்குப் பேர்போனது. இவற்றுக்கெல்லாம் பணம் டாலரில் கட்ட வேண்டும். ஆனால் குஞ்சை வாங்கும் பண்ணைக்காரர் ரூபாய்தான் தருவார்.

மூன்றாவது, வளர்ந்த இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர். அவருக்கு வரவு டாலரில். பண்ணைக்காரருக்குக் கொடுப்பது, ஆட்கூலி, கரண்ட் பில் எல்லாம் ரூபாய்.

ரூபாய் விழுந்தால் பொரிப்பகத்துக்கு அடி, ஏற்றுமதியாளருக்கு லாபம். ரூபாய் ஏறினால் அப்படியே தலைகீழ்.

சரி, நேச்சுரல் ஹெட்ஜிங் என்றால்?

ஒரே நிறுவனம் ஏற்றுமதியும் செய்கிறது, பொரிப்பகமும் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இறால் விற்று வந்த டாலரை ரூபாயாக மாற்றாமல், அதிலிருந்தே தாய் இறாலுக்கான டாலர் பில்லைக் கட்டினால், அந்தத் தொகையைப் பொறுத்தவரை டாலர் 85-ஆ, 90-ஆ என்ற கேள்வியே எழாது. டாலர் வந்தது, டாலராகவே போனது. அவ்வளவுதான்.

வங்கியிடம் முன்பேர ஒப்பந்தம் போட்டு, கட்டணம் கொடுத்துப் பெறும் பாதுகாப்பு இது இல்லை. தொழிலின் வரவும் செலவும் இயல்பாகவே ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் ‘இயற்கையான’ பாதுகாப்பு என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் புரிதலுக்காக மட்டும். ஒரு பொரிப்பகம் மாதம் 40,000 டாலருக்கு இறக்குமதி செய்கிறது. குஞ்சு விற்ற வரவு 60 லட்சம் ரூபாய். மற்ற செலவுகள் 23 லட்சம்.

- டாலர் 85 ரூபாய் என்றால்: இறக்குமதிச் செலவு 34 லட்சம், லாபம் 3 லட்சம்
- டாலர் 90 ரூபாய் என்றால்: இறக்குமதிச் செலவு 36 லட்சம், லாபம் 1 லட்சம்
- டாலர் 92.50 ரூபாய் என்றால்: இறக்குமதிச் செலவு 37 லட்சம், லாபம் பூஜ்யம்

குஞ்சு உற்பத்தி குறையவில்லை, விற்பனையும் குறையவில்லை. டாலர் விலை மட்டும்தான் மாறியது. லாபம் முழுதும் போச்சு.

இப்போது பொரிப்பகமும் ஏற்றுமதியும் சேர்ந்த நிறுவனத்தைப் பாருங்கள். மாத ஏற்றுமதி வரவு 1 லட்சம் டாலர். இறக்குமதி அதே 40,000 டாலர். ரூபாய் செலவு 45 லட்சம்.

- டாலர் 85 என்றால் லாபம் 6 லட்சம்
- டாலர் 90 என்றால் லாபம் 9 லட்சம்
- டாலர் 80 என்றால் லாபம் 3 லட்சம்

டாலர் 5 ரூபாய் நகர்ந்தால் லாபம் 3 லட்சம் நகர்கிறது. இறக்குமதியே இல்லாமல் எல்லாச் செலவும் ரூபாயில் இருந்திருந்தால், இந்த ஆட்டம் 5 லட்சமாக இருந்திருக்கும். 40,000 டாலர் தன்னைத்தானே ஈடுகட்டிக்கொண்டது. மீதி 60,000 டாலருக்குப் பாதுகாப்பு இல்லை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ‘எங்களுக்கு டாலரில் வரவும் இருக்கு, செலவும் இருக்கு, கவலையில்லை’ என்பார்கள். இரண்டில் எது சிறியதோ, அந்த அளவுக்குத்தான் கவலையில்லை.

இன்னொரு சின்ன லாபமும் உண்டு. வங்கி டாலரை வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. இரண்டுக்கும் நடுவே 50 காசு வித்தியாசம் என்றால், 40,000 டாலரை ஒருமுறை விற்று மறுபடி வாங்கினால் 20,000 ரூபாய் வங்கிக்குப் போகும். மாற்றாமல் வைத்திருந்தால் அது மிச்சம்.

டாலரை எங்கே வைத்திருப்பது?

ஏற்றுமதியாளர்களுக்காகவே ‘ஈ.ஈ.எஃப்.சி.’ என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. ஏற்றுமதி வரவு முழுவதையும் இதில் டாலராகவே வரவு வைக்கலாம். ஆனால் இதற்கு வட்டி கிடையாது.

கெடுவும் உண்டு. ஒரு மாதத்தில் வந்த டாலரை, அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் ரூபாயாக மாற்றியாக வேண்டும். 2012-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வெளிநாட்டுச் செலவு ஏதாவது இருந்தால், அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதியை மாற்றலாம்.

உதாரணமாக மார்ச் 5-ம் தேதி பணம் வருகிறது. தாய் இறாலுக்கு மே மாதம் பணம் கட்ட வேண்டும். சப்ளையரின் ஆர்டர் உறுதிப்பத்திரத்தை வங்கியிடம் காட்டினால் அந்தத் தொகையை வைத்திருக்க வழி இருக்கிறது. ஆர்டர் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது என்றால், ஏப்ரல் 30-க்குள் மாற்ற வேண்டியதுதான். மே மாதம் மறுபடியும் அன்றைய விலையில் டாலர் வாங்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் வரவும் செலவும் அழகாகப் பொருந்தும், கையில் பாதுகாப்பு இருக்காது.

மீதி டாலருக்கு என்ன வழி?

செலவை டாலருக்கு மாற்ற முடியாது என்றால், கடனை டாலருக்கு மாற்றலாம். ஏற்றுமதி ஆர்டர் கையில் இருப்பவருக்கு, சரக்கு அனுப்பும் முன்பே வங்கிகள் டாலரில் கடன் தருகின்றன. ‘பி.சி.எஃப்.சி.’ என்பார்கள். அந்த டாலரை இன்றைய விலைக்கே ரூபாயாக்கி, பண்ணைக்காரரிடம் இறால் வாங்கலாம். பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை வைத்து கடனை அடைக்கலாம்.

அதாவது மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலருக்கு இன்றைக்கே விலை நிர்ணயம் ஆகிவிடுகிறது. ரூபாய் பலம் பெற்றாலும் நஷ்டமில்லை. அதேபோல ரூபாய் விழுந்தால் கிடைக்கும் கூடுதல் லாபமும் கிடைக்காது. பாதுகாப்பு என்றால் இரண்டு பக்கமும்தான்.

எங்கே உடையும்?

இந்தப் பாதுகாப்பின் பலவீனம், அது வரவை நம்பி நிற்பது. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக உயர்த்தியது. இந்திய இறாலின் மிகப்பெரிய சந்தை அமெரிக்காதான். இப்படி ஒரு நிலையில் வாங்குபவர் ஆர்டரைத் தள்ளிப்போட்டால், டாலர் வரவு நின்றுவிடும். ஆனால் டாலர் கடனும், தாய் இறால் பில்லும் நிற்காது. நேற்றுவரை பாதுகாப்பாக இருந்த டாலர் கடன், இன்று பாதுகாப்பில்லாத கடன். அதே ஆண்டில் ரூபாயும் விழுந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரக்கில் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறது என்று கன்டெய்னர் திரும்பி வந்தாலும் இதே கதைதான். அதனால் டாலர் கடனை எதிர்பார்க்கும் மொத்த ஏற்றுமதி அளவுக்கு வாங்காமல், உறுதியான ஆர்டர்களின் அளவுக்குள் நிறுத்துவதே சரி.

‘விலையை ஏத்திக்கலாம்’ என்பது ஹெட்ஜ் ஆகுமா?

பொரிப்பகம் மட்டும் நடத்துபவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு. டாலர் ஏறினால் இறால் விலை ஏறும், பண்ணைக்காரர் கையில் காசு புழங்கும், நாமும் குஞ்சு விலையை ஏத்திக்கலாம் என்பது. சில சமயம் அப்படி நடக்கும். ஆனால் வெளிநாட்டில் இறால் விலை சரிந்திருந்தாலோ, பக்கத்துப் பொரிப்பகம் பழைய விலைக்கே கொடுத்தாலோ நடக்காது. இது எதிர்பார்ப்பு. இதை ஹெட்ஜ் என்று சொல்ல முடியாது.

ரிசர்வ் வங்கியின் பார்வையும் கறாரானது. பாதுகாப்பில்லாத வெளிநாட்டு நாணயக் கடன்கள் குறித்த அதன் 2022 வழிகாட்டுதலின்படி, நிறுவனத்தின் சொந்தத் தொழிலிலிருந்து வரும் பணம் கடனை ஈடுகட்ட வேண்டும். இரண்டும் ஒரே கணக்கு ஆண்டுக்குள் வர வேண்டும். அப்போதுதான் அது இயற்கையான ஹெட்ஜ். ஒரே குடும்பத்தில் பொரிப்பகம் ஒரு கம்பெனி, ஏற்றுமதி இன்னொரு கம்பெனி என்று இருந்தால், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முன் வங்கியிடம் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் தொழிலில் இருக்கிறதா? இப்படிப் பாருங்கள்

அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு தாளில் மாதவாரியாகக் கட்டம் போடுங்கள். ஒரு வரிசையில் உறுதியான டாலர் வரவு, அடுத்த வரிசையில் கட்டாயமான டாலர் செலவு. கடன் தவணையையும் சேர்த்து எழுதுங்கள். யூரோ வரவு இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். யூரோ வரவு டாலர் செலவை ஈடுகட்டாது.

ஒவ்வொரு மாதமும் இரண்டில் சிறிய தொகைதான் உங்கள் இயற்கையான ஹெட்ஜ். மிச்சம் எவ்வளவோ, அதை 5 ரூபாயால் பெருக்குங்கள். டாலர் 5 ரூபாய் நகர்ந்தால் உங்கள் லாபம் எவ்வளவு நகரும் என்பது அந்த எண்தான். அது உங்கள் மாத லாபத்தைவிடப் பெரிதாக வந்தால், மிச்சத் தொகைக்கு முன்பேர ஒப்பந்தம் போடுவது பற்றி வங்கியிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.