இளமையா, காலமா, பிறந்த ஆண்டா?

உங்கள் ஊரில் வயது வந்த ஆண்கள் எல்லோரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதினரின் சராசரி உயரத்தைவிட எழுபது வயதினரின் சராசரி உயரம் குறைவாகவே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "வயது ஏற ஏற மனிதன் இவ்வளவு குறுகிப் போகிறான்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்வதால் முதுமையில் உயரம் சற்றுக் குறைவது உண்மைதான். ஆனால் வித்தியாசம் முழுவதும் அதனால் வந்ததன்று. அந்தப் பெரியவர்கள் தம் இருபத்தைந்தாவது வயதிலேயே இன்றைய இளைஞர்கள் அளவுக்கு உயரமாக இருந்திருக்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளைப் பருவத்தில் உண்ட உணவும் கண்ட நோய்களும் வேறு. இரு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அளவுகோலில் வந்து விழுந்திருக்கின்றன. ஒரு நாள் அளவெடுப்பைக் கொண்டு அவற்றைப் பிரிக்க வழியில்லை.

உயரத்தையாவது அளவுநாடா கொண்டு அளக்கிறோம். மக்களின் மனப்போக்கைக் கேள்வி கேட்டு அளக்கும்போது இச்சிக்கல் எவ்வளவு பெரிதாகிவிடும் என்பதை, ஐரோப்பாவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வின் கதை காட்டுகிறது.

1968-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரத் தெருக்களில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். இது இளமைக் கொதிப்பா, அல்லது ஒரு புதிய தலைமுறையின் குரலா என்ற கேள்வி அப்போது எங்கும் எழுந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற அரசியல் அறிஞர் இதற்கு விடை காண முனைந்தார். 1970-இல் பிரிட்டன், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய ஆறு நாடுகளில் எடுக்கப்பட்ட மாதிரிக் கருத்தாய்வில் அவருடைய கேள்வி ஒன்று இடம்பெற்றது.

கேள்வி எளியது. நாட்டின் குறிக்கோள்களாக நான்கைச் சொல்லி, அவற்றுள் முக்கியமான இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாட்டில் ஒழுங்கைக் காப்பது, விலைவாசி உயர்வைத் தடுப்பது, அரசின் முடிவுகளில் மக்களுக்கு அதிகப் பங்கு தருவது, பேச்சுச் சுதந்திரத்தைக் காப்பது என்பவையே அந்த நான்கு. முதல் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தவர்களைப் பொருள் நாட்டத்தினர் என்றும், கடைசி இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தவர்களைப் பொருள் கடந்த நாட்டத்தினர் என்றும் இங்கிள்ஹார்ட் பெயரிட்டார். இதில் ஒன்று, அதில் ஒன்று என எடுத்தவர்கள் கலப்புக் குழுவினர். உண்மையில் பெரும்பகுதி மக்கள் இக்கலப்புக் குழுவிலேயே இருந்தனர் என்பதை நினைவில் வையுங்கள்.

விடைகளை வயதுவாரியாகப் பிரித்தபோது வியப்பான காட்சி தெரிந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடையே, பொருள் கடந்த நாட்டத்தினர் ஒருவருக்குப் பொருள் நாட்டத்தினர் பத்துப் பேருக்கு மேல் இருந்தனர். பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ளவர்களிடையே இரு தரப்பும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்தன.

இதற்கு என்ன பொருள்? இங்கேதான் நம் உயரக் கணக்கு திரும்பி வருகிறது. "இளம் வயதில் எல்லோருமே இப்படித்தான்; கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, மாதக் கடைசியில் கையைக் கடித்தால் சரியாகிவிடுவார்கள்" என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்வார்களே, அது ஒரு விளக்கம். வாழ்க்கைப் படியில் ஏறுவதால் வரும் இம்மாறுதலை வயது விளைவு என்பர். இங்கிள்ஹார்ட் சொன்னது வேறு. 1970-இல் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் 1905-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். முதல் உலகப்போர், பொருளாதார மந்தம், இரண்டாம் உலகப்போர் என்று ஒவ்வொன்றையும் கடந்து வந்தவர்கள். இளைஞர்களோ 1946-க்கும் 1955-க்கும் இடையே பிறந்து, பசியும் குண்டுவீச்சும் அறியாமல் வளர்ந்தவர்கள். வளரும் பருவத்தில் படிந்த நாட்டம் ஆயுள் முழுவதும் மாறாமல் தொடரும் என்பது அவர் கருத்து. ஒரே ஆண்டுகளில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாகக் கொண்டு, அக்கூட்டம் தன்னோடு சுமந்து செல்லும் தன்மையைப் பிறப்புக் குழு விளைவு என்று கூறுவர். அமெரிக்க மக்கள்தொகை அறிஞர் நார்மன் ரைடர் 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் வாயிலாக இக்கருத்து சமூக ஆய்வாளரிடையே பரவியிருந்தது.

மூன்றாவதாகக் கால விளைவு ஒன்றுண்டு. ஒரு போர், ஒரு பஞ்சம், ஒரு விலையேற்றம் வரும்போது கிழவர், குமரர் என்ற வேறுபாடின்றி எல்லோர் மனமும் ஒரு பக்கம் சாயும். 1970-ஆம் ஆண்டின் ஒரே ஒரு ஆய்வில் இது கண்ணுக்கே தெரியாது. ஏனெனில் ஒப்பிட வேறு ஆண்டு இல்லை.

அதனால் அதே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. 1973 முதல் ஐரோப்பியச் சமூக நாடுகளில் அடிக்கடி நடந்த பொதுக் கருத்தாய்வுகளில் அந்த நான்கு குறிக்கோள்கள் இடம்பெற்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆட்களைத் தேடிப்போய்க் கேட்கவில்லை. 1970-இல் இருபது வயதினராக இருந்தவர்களை 1980-இல் முப்பது வயதினரிடையே தேடினால் போதும். ஆட்கள் வேறு, பிறப்புக் குழு ஒன்றே. மரணமும் குடிபெயர்வும் அக்குழுவைச் சிறிது மாற்றிவிடும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். வசதி படைத்தோர் கூடுதலாக உயிர் வாழ்ந்தால், எவர் மனமும் மாறாமலேயே முதியோர் குழுவின் சராசரி மாறிவிடும் அல்லவா?

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோடு வரைந்தபோது, கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடைவெளி பெரிதும் மாறாமல் ஓடின. வயதாகி இறங்குமென்று எதிர்பார்க்கப்பட்ட இளைஞர் கோடு இறங்கவில்லை. 1946-55-இல் பிறந்தவர்கள் 2006-இல் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தனர். அப்போதும் அவர்கள் பொருள் நாட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஆனால் கோடுகள் நேராகவும் ஓடவில்லை. 1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறி, 1975-இல் பிரிட்டனில் விலைவாசி ஓராண்டில் 24 சதவீதம் உயர்ந்தது. பிற நாடுகளிலும் விலைகள் ஏறின. எழுபதுகளின் நடுவில் கோடுகள் சேர்ந்தாற்போல் தாழ்ந்தன, எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடியும் தாழ்ந்தன, பின்னர் மீண்டன. எல்லாக் கோடுகளையும் ஒரே ஆண்டில் அசைக்கும் இந்த அலைதான் கால விளைவு.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. இதற்குள் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாமே எண்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு நகரில் 1970-இல் இருபது வயதினரில் 40 சதவீதமும், முப்பது வயதினரில் 35 சதவீதமும் ஒரு கருத்தை ஏற்கிறார்கள். 1980-இல் இருபது வயதினரில் 45 சதவீதமும், முப்பது வயதினரில் 40 சதவீதமும் ஏற்கிறார்கள். முதல் விளக்கம் இது: 1940-இல் பிறந்தவருக்கு 35, 1950-இல் பிறந்தவருக்கு 40, 1960-இல் பிறந்தவருக்கு 45, யாரும் மாறுவதில்லை, புதிய குழு வந்து சேரும்போது மட்டும் எண் கூடுகிறது. எல்லா எண்களும் பொருந்துகின்றன. இரண்டாவது விளக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு வேலையே இல்லை. வயது பத்து ஏறினால் 5 குறைகிறது. காலம் பத்தாண்டு நகர்ந்தால் எல்லோருக்கும் 5 கூடுகிறது. 1970-இல் இருபது வயதில் 40-இல் நின்றவர், 1980-இல் வயதால் 5 இழந்து, காலத்தால் 5 பெற்று, அதே 40-இல் நிற்கிறார். பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இதுவும் எல்லா எண்களுக்கும் பொருந்தும்!

காரணம் வெளிப்படை. ஆய்வு நடந்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே நிலைபெற்றுவிடுவதால், மூன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க முடியாது. எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டாலும், எவ்வளவு பெரிய கணிப்பொறியைக் கொண்டுவந்தாலும் இது தீராது. ஒரே சீராக ஏறியோ இறங்கியோ செல்லும் போக்கை மூன்றுக்கும் இடையே எப்படி வேண்டுமானாலும் பங்கிடலாம். திடீர் வளைவுகளை மட்டுமே எண்கள் தாமே காட்டிக்கொடுக்கும். எழுபதுகளின் தாழ்வைக் கால விளைவு என்று துணிந்து சொல்ல முடிந்தது இதனால்தான்.

பின் சீரான போக்கைப் பற்றி எவ்வாறு முடிவு செய்வது? எண்களுக்கு வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டும். இங்கிள்ஹார்ட்டிடம் ஒரு நல்ல சாட்சி இருந்தது. 1970 ஆய்வில் முதியோருக்கும் இளையோருக்கும் இடையிலான இடைவெளி எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. மேற்கு ஜெர்மனியில் மிகுதி, பிரிட்டனில் குறைவு. வயதுதான் காரணமென்றால், முதுமை ஜெர்மானியரை ஒரு விதமாகவும் ஆங்கிலேயரை வேறு விதமாகவும் ஏன் மாற்ற வேண்டும்? ஆனால் வரலாறு இரு நாட்டிலும் வேறு. ஜெர்மானிய முதியவர் தோல்வியையும், பணம் செல்லாக்காசானதையும், இடிந்த நகரங்களையும் கண்டவர்; அவர் பேரன் கண்டதோ செழிப்பு. பிரிட்டனில் பாட்டன் பேரன் வாழ்க்கைகளுக்கிடையே அவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. பிறப்புக் குழு விளக்கத்துக்கு இது வலுவான துணை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது நிரூபணமாகாது.

இன்னொரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அதற்குக் குறி தலைமுறையன்று, கேள்வித்தாள். 1991-இல் ஹெரால்டு கிளார்க், நிதிஷ் தத் என்ற இருவர் இப்படிக் கேட்டனர்: நான்கு குறிக்கோள்களுள் விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் எங்கே? எண்பதுகளில் மேற்கு ஐரோப்பாவில் விலை ஏற்றம் தணிந்தது, வேலையின்மை பெருகியிருந்தது. வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் தம் கவலையை எதில் குறிப்பார்? விலைவாசி அவருக்கு அப்போது பெரிதன்று. ஆகவே மக்கள் பங்கு, பேச்சுச் சுதந்திரம் என்ற பக்கம் அவர் கை போகும். பொருட்கவலை மிகுந்த அவரையே கணக்கு "பொருள் கடந்தவர்" என்று பதிவு செய்துவிடும். அதாவது, கேள்வியின் குறை காரணமாக ஒரு கால விளைவு, மதிப்புகளின் மாற்றம்போல வேடமிடுகிறது.

இதைச் சோதிக்க வழி உண்டு. 1999-இல் வெளியான ஆய்வில், கிளார்க்கும் அவர் கூட்டாளிகளும் கனடாவிலும் ஜெர்மனியிலும் மக்களைக் குருட்டாம்போக்கில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பழைய கேள்வியையும், மற்றொரு பகுதியினருக்கு விலைவாசி இருந்த இடத்தில் வேலையின்மையை வைத்தும் கேட்டனர். அதே நாடு, அதே காலம், அதே வயதினர். மாறியது ஒரு வரி மட்டும். வேலையின்மைப் பட்டியலைப் பெற்றவர்களிடையே பொருள் நாட்டத்தினர் கணிசமாகக் கூடினர்.

பழைய கேள்வியைத் திருத்திவிடலாமே என்று தோன்றும். இங்கிள்ஹார்ட்டே 1973-இல், பொருளாதாரம் நிலைபெறுவது போன்றவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு குறிக்கோள்கள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தினார். ஆனால் அது நீளமானது. ஒவ்வொரு ஆய்விலும் கேட்பதற்கு நேரமில்லை. சுருக்கமான நான்கே ஆண்டுதோறும் தொடர்ந்தன. அதில் ஒரு சொல்லை மாற்றினாலும், புதிய விடைகளை 1970-இன் விடைகளோடு வைத்துப் பார்க்க முடியாமல் போகும்; ஒரு பிறப்புக் குழுவை இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடரும் கோடு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். எனவே குறையோடு கூடிய அந்தக் கேள்வியையே, குறை இன்னதென்று தெரிந்த பின்னும், ஆய்வாளர்கள் கேட்டு வந்தார்கள்.