கீழே இருப்பதை ஏன் கண்டுக்கலை?

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு கணக்கு நோட்டோட வந்தா. +2 படிக்கிறா. பெருமம், சிறுமம் கண்டுபிடிக்கிற கணக்கு. நோட்டில் வகைக்கெழுவை ஒழுங்கா எழுதியிருந்தா: மேலே ஒரு கோவை, கீழே ஒரு கோவை. அடுத்த வரியில் கீழே இருந்தது காணாமப் போயி, மேலே இருந்தது மட்டும் = 0.

"மாமா, கீழ இருக்கறத ஏன் கண்டுக்கவே இல்ல? மிஸ் அப்படித்தான் போடணும்னு சொன்னாங்க" என்றாள்.

ஒரு பின்னம் பூஜ்யமாகணும்னா தொகுதி பூஜ்யமாகணும், பகுதி பூஜ்யமாகக் கூடாது, அவ்வளவுதாம்மா என்று சொல்லி அனுப்பிட்டேன். பதில் சரிதான். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. லைப்னிட்ஸ் தன் நுண்கணிதத்தை அச்சில் போடுவதற்கு 25 வருஷம் முன்னாடியே, வகைக்கெழு என்ற பேரே இல்லாத காலத்தில், ஒருத்தர் இதே தொகுதியை இதே மாதிரி பூஜ்யமாக்கி விடை கண்டிருக்கார். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க. பேப்பர், பென்சில் பக்கத்தில் இருந்தா போதும்.

கணக்கை முதல்ல போட்டுடலாம்.

f(x) = (x² + 3)/(x − 1)

வகுத்தல் விதிப்படி வகைக்கெழுவின் தொகுதி 2x(x − 1) − (x² + 3). சுருக்கினா x² − 2x − 3, அதாவது (x − 3)(x + 1). பகுதி (x − 1)². தொகுதி பூஜ்யமாகும் இடங்கள் x = 3, x = −1. f(3) = 12/2 = 6. f(−1) = 4/(−2) = −2.

பகுதி ஒரு வர்க்கம் என்பதைக் கவனிங்க. x = 1 தவிர எல்லா இடத்திலும் அது மிகை எண். அதனால வகைக்கெழுவின் குறியைத் தீர்மானிப்பதும் தொகுதியேதான். x, −1-க்குக் கீழே இருந்தா (x − 3)(x + 1) மிகை, வளைகோடு ஏறுது. −1-க்கும் 3-க்கும் நடுவே குறை, இறங்குது. 3-க்கு அப்புறம் மறுபடி ஏறுது. ஆக −1-ல் பெருமம், 3-ல் சிறுமம்.

இப்போ மதிப்புகளைப் பாருங்க. பெருமம் −2, சிறுமம் 6. பெருமத்தை விட சிறுமம் பெரிசு!

நான் +2 படிக்கும்போது இதே மாதிரி ஒரு கணக்கில் சரியாத்தான் எழுதினேன். திருத்தினவர் "பெருமம் எப்படிப்பா சிறுமத்தை விடக் குறைவா இருக்கும்?" என்று ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு, மார்க்கையும் குறைச்சார். அப்போ எதிர்த்துப் பேசத் தெரியலை. பதில் x = 1-ல் இருக்கு. அங்கே பகுதி பூஜ்யம், வளைகோடு ரெண்டு துண்டா உடையுது. இடது துண்டின் உச்சி −2. வலது துண்டின் அடி 6. இடது துண்டு முழுக்கக் கீழே, வலது துண்டு முழுக்க மேலே. நடுவில் இருக்கும் எந்த மதிப்பையும் இந்தச் சார்பு எடுக்கிறதே இல்லை. இந்த 'எடுக்கிறதே இல்லை' என்பதை மனசில் வெச்சுக்கோங்க, கதைக்குத் தேவைப்படும்.

இப்போ 1650-கள். ஹாலந்து. லெய்டன் நகரில் ஃபிரான்ஸ் வான் ஸ்கூட்டன் என்று ஒரு கணிதப் பேராசிரியர். 1637-ல் தெகார்த்தே பிரெஞ்சில் எழுதிய வடிவகணித நூலை லத்தீனில் கொண்டுவந்து, தன் மாணவர்கள் எழுதினதையும் அதோட சேர்த்துப் போட்டவர். அந்த மாணவர்களில் ஒருத்தர் யோகன்னஸ் ஹுடே. ஆம்ஸ்டர்டாம்காரர், 1628-ல் பிறந்தவர். 1658 ஜனவரியில், 30 வயசு கூட முடியாதபோது, பெருமம் சிறுமம் பற்றி ஒரு கடிதம் எழுதறார். அது 1659-ல் வான் ஸ்கூட்டன் பதிப்பில் அச்சாச்சு.

அவருக்கு முன்னால் ஃபெர்மா 1630-களில் ஒரு வழி சொல்லியிருந்தார். x-ஐ ஒரு துளி நகர்த்தி, ரெண்டு மதிப்பையும் சமமா வெச்சு, மிச்சத்தை அந்தத் துளியால் வகுத்து, கடைசியில் துளியைத் தூக்கிப் போடுவது. வேலை செய்யும். ஆனா கணக்கு கொஞ்சம் பெரிசானா கை வலிக்கும், அந்தத் துளியை எந்த நியாயத்தில் தூக்கிப் போடறோம்னு கேள்வியும் வரும்.

ஹுடே வழியில் துளியே கிடையாது. தெகார்த்தேயிடமிருந்து எடுத்த 'இரட்டை மூலம்' என்ற யோசனைதான். வளைகோட்டை z உயரத்தில் ஒரு கிடைக்கோட்டால் வெட்டறோம்னு வைங்க. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வெட்டினா ரெண்டு இடத்தில் வெட்டும். கோட்டை மேலே ஏத்த ஏத்த அந்த ரெண்டு புள்ளியும் நெருங்கி வரும். சரியா உச்சியில் ரெண்டும் ஒண்ணாயிடும். அதுக்கு மேலே போனா வெட்டவே வெட்டாது. அதனால பெருமம் தேடறதுன்னா, சமன்பாட்டுக்கு இரட்டை மூலம் வரவைக்கும் z-ஐத் தேடறதுதான்.

நம்ம கணக்கில் (x² + 3)/(x − 1) = z. குறுக்கே பெருக்கினா:

x² − zx + (3 + z) = 0

பின்னம் எங்கே போச்சு? முதல் வரியிலேயே போயிடுச்சு. அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்கு ஹுடேயின் பதில் இதுதான். பகுதியைக் கண்டுக்காம விடலை, அது z-ஓட சேர்ந்து உள்ளேயே வந்துடுச்சு.

இனி இரட்டை மூலத்தைப் பிடிக்கணும். அதுக்கு ஹுடே சொன்ன விதி ஒரு வித்தை மாதிரி இருக்கும். சமன்பாட்டின் உறுப்புகளை வரிசையா ஏதாவது ஒரு கூட்டுத்தொடரால் பெருக்குங்க. பழைய சமன்பாட்டுக்கு இரட்டை மூலம் இருந்தா, புதுசுக்கும் அது மூலமா இருக்கும். சோதிச்சுப் பாருங்க: x² − 6x + 9 என்பது (x − 3)². உறுப்புகளை 2, 1, 0 ஆல் பெருக்கினா 2x² − 6x. x = 3 போட்டா 18 − 18 = 0. சரி, 3, 2, 1 ஆல் பெருக்குவோம்: 3x² − 12x + 9. x = 3 போட்டா 27 − 36 + 9 = 0. எந்தக் கூட்டுத்தொடரா இருந்தாலும் சரியா வரும். கழித்தல், பெருக்கல் தெரிஞ்சவங்க யாரும் போடலாம்.

நம்ம சமன்பாட்டை 2, 1, 0 ஆல் பெருக்கினா 2x² − zx = 0. அதாவது x = 0 அல்லது z = 2x. x = 0 என்பது நாம கடைசியில் பூஜ்யத்தால் பெருக்கினதால் ஒட்டிக்கிட்டு வந்தது. அங்கே z = −3, சமன்பாடு x² + 3x = 0, அதன் மூலங்கள் 0, −3. இரட்டை மூலம் இல்லை, அதனால தள்ளிடலாம். மிஞ்சுவது z = 2x. இதை முதல் சமன்பாட்டில் போட்டா x² + 3 = 2x(x − 1), அதாவது x² − 2x − 3 = 0.

மேலே வகுத்தல் விதியில் வந்த அதே தொகுதி!

தற்செயல் இல்லை. எந்த P/Q எடுத்தாலும் P − zQ = 0-க்கு இரட்டை மூலம் தேடினா, இன்றைய பாஷையில் P′ = zQ′ என்று வரும். z-க்குப் பதிலா P/Q போட்டா P′Q − PQ′ = 0. தொகுதி கிடைச்சாச்சு, பகுதியின் வர்க்கம் தேவையே படலை. பின்னங்களுக்கான விதியையும் ஹுடே அந்தக் கடிதத்திலேயே கொடுத்துட்டார். எண்கள் மட்டும்தான் மேலே என்னுடையவை.

இதில் எனக்கு ஒரு லாபமும் கிடைச்சது. P′ = zQ′ என்பதால், Q′ பூஜ்யமா இல்லாத வரை, பெரும சிறும மதிப்பு P′/Q′-க்குச் சமம். நம்ம கணக்கில் 2x/1. x = 3-ல் 6, x = −1-ல் −2. பெரிய கோவையில் எண்ணைப் போட்டு மல்லுக்கட்டாம விடையைச் சரிபார்க்கலாம். இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லலை.

பெருமத்தை விட சிறுமம் பெரிசா இருக்கும் விஷயமும் இங்கே தானா விளங்கிடும். x² − zx + (3 + z) = 0-க்கு மெய்யான மூலம் வேணும்னா z² − 4(3 + z) பூஜ்யமாவோ மிகையாவோ இருக்கணும். அது (z − 6)(z + 2). −2-க்கும் 6-க்கும் நடுவே அது குறை எண். ஆக அந்த உயரங்களில் கோடு வளைகோட்டைத் தொடவே தொடாது. திருத்தினவர்கிட்ட இதைக் காட்டியிருக்கலாம். இருபது வருஷம் லேட்.

1676 நவம்பரில் லைப்னிட்ஸ் ஆம்ஸ்டர்டாம் வழியாப் போனபோது ஹுடேயைச் சந்திச்சார். 1684-ல் தன் நுண்கணிதத்தை முதன்முதலா அச்சில் போட்டபோது, கட்டுரைத் தலைப்பிலேயே இது பின்னங்களாலும் விகிதமுறா அளவுகளாலும் தடைபடாத முறை என்று சேர்த்துக்கிட்டார். வகுத்தல் விதி அந்தக் கட்டுரையில்தான் வருது. பின்னத்தை ஹுடேயே சமாளிச்சிருந்தார். வர்க்கமூலம் மாதிரி சமாச்சாரங்களை அவர் முறைக்குள்ள கொண்டுவரணும்னா, முதல்ல எல்லாத்தையும் வர்க்கப்படுத்தி மூலக்குறியை ஒழிக்கணும். லைப்னிட்ஸ் முறையில் அந்த அவஸ்தை இல்லை. அங்கேதான் புதுசு ஜெயிச்சது, பழசு மறந்தே போச்சு.

நோட்டில் தொகுதியை மட்டும் எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. (x + 1)/x² எடுங்க. வகைக்கெழுவின் தொகுதி x² − 2x(x + 1) = −x(x + 2). பூஜ்யமாகும் இடங்கள் 0, −2. ஆனா x = 0-ல் சார்பே கிடையாது, பகுதி பூஜ்யம். −2 மட்டும்தான் செல்லும், அங்கே −1/4 சிறுமம். பகுதியில் ஒரு காரணி ரெண்டு தடவை வந்தா இந்தப் போலி மூலம் கட்டாயம் தலைகாட்டும். அதனால விடை வந்ததும் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துடுங்க. அப்புறம் குறி மாறுதான்னும் பாருங்க. தொகுதி பூஜ்யத்தைத் தொட்டுட்டு அதே குறியோட திரும்பினா அது பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை.

ஹுடே என்ன ஆனார்? 1672-ல் ஆம்ஸ்டர்டாம் மேயர் ஆனார். அப்புறம் பலமுறை அதே பதவி. ஊர்க் கால்வாய்களின் தண்ணியையும் கடல் மட்டத்தையும் கவனிப்பதிலேயே காலம் போச்சு. கரை எவ்வளவு உயரம் இருக்கணும்னு குறிச்சு, மதகுகளில் பதிச்ச பளிங்குக் கற்களுக்கு அவர் பேர்தான். கணக்குக்குத் திரும்பி வரவேயில்லை. 1704-ல் இறந்துபோனார்.

அக்கா பொண்ணுக்குப் போன் பண்ணி, "கீழ இருக்கறத கண்டுக்காம விடலம்மா, குறுக்கே பெருக்கி உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இத மிஸ்கிட்ட சொன்னா மார்க் தருவாங்களா மாமா?" என்றாள்.

என் மார்க் கதையை அவகிட்ட இன்னும் சொல்லலை.