மேசையும் படுக்கையும் பிரியலாம், கட்டு பிரிவதில்லை



இங்கிலாந்தில் வாழும் நம் குடும்பங்களில், இல்லறம் முறியும் நிலைக்கு வந்துவிட்ட சிலர் அருள்பணியாளர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சாமி, மணமுறிவு வேண்டாம்; நீதிமன்றத்தில் பிரிவு மட்டும் வாங்கிக்கொள்ளலாமா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?” இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை கூறின் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படும். நீதிமுறைப் பிரிவு என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால், அது எதைத் தரும், எதைத் தராது என்பது விளங்கும்.

இதன் வேர் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. இடைக்காலத் திருச்சபை நீதிமன்றங்கள் ‘அ மென்சா எத் தோரோ’ என்னும் தீர்ப்பை வழங்கிவந்தன. ‘மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்’ என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உண்ணவும் ஒரே இல்லத்தில் வாழவும் இனிக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆனால் திருமணக் கட்டு நிலைத்திருக்கிறது. எனவே மறுமணம் இல்லை. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், தக்க காரணங்களுக்காக இவ்வாறு பிரித்துவைக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு என்று உறுதிப்படுத்தியது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1151 முதல் 1155 வரையிலான விதிகளும் இதையே கூறுகின்றன. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ உள்ளத்துக்கோ பேராபத்து விளைவிப்பவரை விட்டு விலகுவதற்கு 1153-ஆம் விதி இடமளிக்கிறது. ஆகவே, கொடுமையைச் சகித்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தேயாக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை.

உரோமையிலிருந்து பிரிந்த பின்னரும் இங்கிலாந்து இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. 1604-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கத் திருச்சபை விதிகள், பிரிவுத் தீர்ப்பு பெறுவோர் ஒருவர் உயிரோடிருக்க மற்றவர் மறுமணம் செய்யமாட்டார் என்பதற்குப் பிணைப்பத்திரம் கேட்டன. கட்டையே அறுத்து மறுமணம் செய்ய விரும்பியவருக்கு ஒரே வழி, நாடாளுமன்றத்தில் தம் பெயரில் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொள்வதுதான். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும். 1670 முதல் 1857 வரை இவ்வாறு நிறைவேறியவை ஏறத்தாழ 320. அவற்றுள் பெண்களின் மனுவின்பேரில் நிறைவேறியவை நான்கே.

இந்த நிலையில் அகப்பட்ட ஒரு பெண்ணின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். நாடகாசிரியர் ஷெரிடனின் பேர்த்தி கரோலின், 1827-இல் வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனை மணந்தார். கணவர் அடிப்பவர். 1836-இல் குடும்பம் உடைந்தது. கணவர் மூன்று மகன்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்; தம் மனைவியுடன் தகாத உறவு கொண்டதாகத் தலைமை அமைச்சர் மெல்போர்ன் பிரபுமீது வழக்கும் தொடுத்தார். நடுவர் குழு அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. கரோலினின் நற்பெயரைக் காத்த அந்தத் தீர்ப்பே அவரைத் திருமணத்திலும் கட்டிவைத்தது. பிறர்மனை உறவு மெய்ப்பிக்கப்படாததால் கணவர் மணமுறிவு பெற இயலவில்லை. கரோலினோ கொடுமையைக் காட்டிப் பிரிவுத் தீர்ப்புப் பெற முடியவில்லை. அடிபட்ட பின்னும் ஒருமுறை வீடு திரும்பியிருந்ததால், அவர் கணவரை மன்னித்துவிட்டார் என்று சட்டம் கருதியது.

1848-இல் இருவரும் தனிப்பட்ட முறையில் ஒரு பிரிவு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கணவர் பணம் தர மறுத்தார். கணவனும் மனைவியும் சட்டத்தின்முன் ஓராள். ஓராள் தன்னோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது என்பது அவருக்குத் துணைநின்ற கொள்கை. கரோலின் புதினங்கள் எழுதி ஈட்டிய பணமும் சட்டப்படி கணவருடையதே. இருவர் மட்டும் கூடி எழுதிய தாள் ஏன் போதாது, நீதிமன்றத்தின் ஆணை ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. 1855-இல் கரோலின் அரசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இச்சட்டங்களை மாற்றுமாறு வாதாடினார்.

இரண்டாண்டுகளுக்குப் பின் 1857-ஆம் ஆண்டின் திருமண வழக்குகள் சட்டம் வந்தது. அது திருமண வழக்குகளைத் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து எடுத்து அரசு நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பழைய ‘மேசையும் படுக்கையும்’ தீர்ப்பு அன்றுதான் ‘நீதிமுறைப் பிரிவு’ என்னும் புதுப்பெயர் பெற்றது. இத்தீர்ப்பைப் பெற்ற மனைவி, அதன்பின் தாம் ஈட்டும் சொத்தைப் பொறுத்தவரை மணமாகாத பெண்ணாகவே கருதப்படுவார். தம் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம். அதே சட்டத்தில் மணமுறிவு பெற, கணவனுக்கு மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றே போதும். மனைவியோ அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். நீதிமுறைப் பிரிவுக்கோ பிறர்மனை உறவு, கொடுமை, ஈராண்டுக் கைவிடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். இருபாலார்க்கும் அளவுகோல் ஒன்றே. அக்காலப் பெண்கள் பலர் பிரிவை நாடியதற்கு இதுவே நேரான காரணம். அவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்த கதவு அது.

ஆனால் அக்கதவுக்கு அப்பால் மறுமணம் இல்லை. கரோலினின் கணவர் இறந்தது 1875-இல்தான். 1877-இல் கரோலின் சர் வில்லியம் ஸ்டெர்லிங் மாக்ஸ்வெல்லை மணந்தார். அவ்வாண்டே சில மாதங்களில் இறந்துபோனார்.

இச்சட்டத்தின் அடிச்சுவடு நம் தாயகங்களிலும் உண்டு. கிறிஸ்தவர்களுக்காக இயற்றப்பட்ட 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம் இதை அடியொற்றி நீதிமுறைப் பிரிவை ஏற்படுத்தியது. உரோமன்-டச்சுச் சட்ட மரபில் வந்த இலங்கையிலோ, குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 608-ஆம் பிரிவு பழைய இலத்தீன் பெயரிலேயே இப்பிரிவை வைத்திருக்கிறது. பிரிவுத் தீர்ப்புப் பெற்று ஈராண்டு கழிந்தபின் அதை மணமுறிவாக்க விண்ணப்பிக்கவும் அங்கு வழி உண்டு.

இனி இன்றைய இங்கிலாந்துக்கு வருவோம். 1923-லும் 1937-லும் வந்த சட்டங்கள் மணமுறிவின் கதவையும் பெண்களுக்கு அகலத் திறந்தன. ஆதலால் பிரிவை நாடுவோர் குறைந்தனர். எனினும் அது 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. 2022 ஏப்ரல் 6 முதல் இரண்டிலும் எவர்மீதும் குற்றம் சாட்டத் தேவையில்லை. மணமுறிவுக்கு, இல்லறம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டும். முதல் ஆணைக்கு 20 வாரங்களும், இறுதி ஆணைக்கு மேலும் 6 வாரங்களும் காத்திருக்க வேண்டும். பிரிவுக்கு, பிரிந்திருக்க விரும்புகிறோம் என்னும் அறிவிப்புப் போதும். ஆணை ஒரே படியில் வருகிறது. திருமணமாகி ஓராண்டு நிறையாமல் மணமுறிவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிரிவுக்கு அந்தத் தடையும் இல்லை.

இன்று சிலர் முதலில் பிரிவைத் தேர்வதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன். முதலாவது, முறிந்துவிட்டது என்று சொல்ல மனச்சான்று இடங்கொடாமை. இரண்டாவது, மேற்சொன்ன ஓராண்டுத் தடை. மூன்றாவது, ஓய்வூதியம். இந்த மூன்றாவதை ஒரு கற்பனைத் தம்பதியைக் கொண்டு விளக்குகிறேன்.

கணவருக்கு வயது 66. ஆண்டுக்கு 18,000 பவுண்ட் பணி ஓய்வூதியம் பெறுகிறார். அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி, அதாவது 9,000 பவுண்ட், வழங்குவது அவருடைய திட்டத்தின் விதி. மணமுறிவு ஆணை வந்த நாளிலேயே அவர் மனைவி என்னும் நிலையை இழக்கிறார். கைம்பெண் ஓய்வூதியமும் பொதுவாக அத்துடன் போய்விடும். பிரிவு ஆணை பெற்றால் அவர் சட்டப்படி மனைவியாகவே இருப்பதால், திட்டத்தின் விதி வேறாக இல்லாதவரை அந்த 9,000 பவுண்ட் அவருக்கு உண்டு. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. கணவரின் ஓய்வூதியத்தைப் பகுத்து மனைவியின் பெயரிலேயே தனியாக எழுதிவைக்கும் ஆணையை நீதிமன்றம் மணமுறிவில்தான் வழங்க முடியும், பிரிவில் முடியாது. கணவர் 90 வயது வரை வாழ்ந்தால், அதுவரை மனைவி பராமரிப்புத் தொகையை நம்பியே இருக்க வேண்டும். பிரிவின்போது செய்த பண ஏற்பாடு, பின்னர் மணமுறிவு கேட்கும்போது மீண்டும் விவாதத்துக்கு வரவும் கூடும். எனவே, ஓய்வூதியத் திட்டத்திடம் அதன் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

பலர் கவனியாது விடுபவை இன்னும் இரண்டு. பிரிவு ஆணை நடப்பிலிருக்க, இருவரும் பிரிந்தே வாழ்கையில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மற்றவர் முன்னரே இறந்தவர் போலக் கருதப்படுவார். வாரிசுப் பங்கு கிடையாது. ஆனால் பழைய உயில் ஒன்று இருந்தால், பிரிவு அதை மாற்றுவதில்லை. மணமுறிவோ அந்த உயிலில் துணைவருக்குரிய பங்கை நீக்கிவிடும். அதுபோல, வீடு பிரிக்கப்படாத கூட்டுரிமையில் இருந்தால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்கே போய்ச்சேரும். அது வேண்டாமெனில், கூட்டுரிமையைத் துண்டிக்கும் எழுத்து அறிவிப்பைத் தனியே கொடுக்க வேண்டும். பிரிவு ஆணை கிடைத்த கிழமையிலேயே உயிலையும் வீட்டுப் பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வன்முறை அஞ்சி விலகுவோர் இதையும் மனத்தில் கொள்க: பிரிவு ஆணை எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றாது. அதற்கு 1996-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின்கீழ் வேறு ஆணைகள் உள்ளன. அவற்றை உடனே கோரலாம்.

இறுதியாக, மனச்சான்றைப் பற்றி. மணமுறிவு பெற்றாலே நற்கருணை வாங்கக் கூடாது என்றெண்ணி, தமக்கும் பிள்ளைகளுக்கும் கேடு விளையும் ஏற்பாட்டில் சிலர் தங்கிவிடுகின்றனர். இது திருச்சபையின் போதனை அன்று. சட்ட உரிமைகளையோ பிள்ளைகளின் பராமரிப்பையோ மரபுச் சொத்தையோ காக்க வேறு வழியில்லையெனில், அரசு நீதிமன்றத்தின் மணமுறிவை ஏற்றுக்கொள்ளலாம். அது பாவமன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2383-ஆம் எண்ணில் கூறுகிறது. அரசின் ஆணை அருளடையாளக் கட்டை அவிழ்ப்பதில்லை. ஆகையால் அதைப் பெற்று மறுமணமின்றி வாழ்பவர் அதன் காரணமாக நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதும் இல்லை. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று கருதுவோர் மறைமாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். அங்குப் பொதுவாக அரசு மணமுறிவு ஆணையை முதலில் கேட்பார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே, பிரிவு மட்டும் போதுமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்களுக்கு இப்போது வேண்டியது பாதுகாப்பா, கால அவகாசமா, பணமா, அல்லது மறுமணமா? முதல் மூன்றையும் பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். அவற்றுக்குப் பிரிவு உதவக்கூடும், உதவாமலும் போகலாம். நான்காவதற்கு அது ஒருபோதும் உதவாது. கட்டைப் பற்றிய கேள்வி இருப்பின் உங்கள் பங்குத்தந்தையிடம் தயங்காமல் வாருங்கள்.

இறையாசீர் உங்களோடு.